அடித்த மறுநாளும் புழு உயிரோடு இருந்தால்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் பி.டி. தூள் வாங்கிப்போன சிலர் மறுநாள் காலையிலேயே கூப்பிட்டு, "புழு அப்படியே உட்கார்ந்திருக்கு, மருந்து போலியா?" என்று கேட்கிறார்கள். போலி இல்லை. இது வேலை செய்யும் விதமே வேறு.

தூளில் இருப்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியா. உணவு தீரும்போது அது வித்தாக உறங்கிவிடும். அப்போது பக்கத்திலேயே ஒரு புரதப் படிகத்தையும் செய்துவைக்கும். அந்தப் படிகம் புழுவின் மேலே பட்டால் எதுவும் ஆகாது. இலையோடு சேர்த்துப் புழு அதைத் தின்ன வேண்டும்.

புழுவின் நடுக்குடலில் காரத்தன்மை அதிகம். படிகம் அங்கே கரைகிறது, குடலின் நொதிகள் அதை வெட்டுகின்றன, வெட்டுப்பட்ட துண்டுதான் நஞ்சு. அது குடல் செல்களில் ஒட்டிக்கொண்டு ஓட்டை போட, செல்கள் ஊதி வெடிக்கும். சில மணி நேரத்தில் குடல் செயலிழந்து புழு தின்பதை நிறுத்திவிடும். ஆனால் சாக இரண்டு மூன்று நாள் ஆகும், சில சமயம் கூடுதலாகவும். நம்மை இது ஒன்றும் செய்யாது: நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்த நஞ்சு ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை.

புழு சாக நாளாகும் என்பதால் அது நகர்கிறதா என்று பார்க்காதீர்கள், தின்கிறதா என்று பாருங்கள். உதாரணத்துக்கு, முட்டைக்கோஸில் வைரமுதுகுப் பூச்சியின் புழு. மாலையில் அடித்துவிட்டு நாலைந்து செடிகளில் இலையில் உள்ள பழைய புழுக்கையைத் தட்டிவிடுங்கள். மறுநாள் புதுப் புழுக்கையும் புது ஓட்டையும் இல்லையென்றால் மருந்து பிடித்துவிட்டது. மூன்றாம் நாள் புழு கறுத்துத் துவண்டு தொங்கும்.

புதுப் புழுக்கை இருந்தால்? முதலில் புழுவின் அளவைப் பாருங்கள். முட்டையிலிருந்து வந்த சில நாட்களுக்குள்தான் இது நன்றாகக் கேட்கும், பெருத்துவிட்டால் தப்பிவிடும். அப்புறம், வெயில் இந்தப் புரதத்தைச் சிதைக்கும் என்பதால் காலையில் அடித்தது பாதி வீண். இலையின் அடிப்பக்கம் நனைந்ததா? கலக்கிய தண்ணீர் பிஎச் 8-க்கு மேல் இருந்ததா? அப்படியானால் புழுவின் குடலில் கரைய வேண்டியது தொட்டியிலேயே கரையத் தொடங்கியிருக்கும். காய்க்குள் நுழைந்துவிட்ட புழுவுக்கும், சாறு உறிஞ்சும் அசுவினிக்கும் இதை வாங்கவே வேண்டாம்.

ஒரே பூச்சிக்கு விடாமல் இதையே அடிக்காதீர்கள். பி.டி. தெளிப்புக்கு வயலிலேயே எதிர்ப்புசக்தி பெற்ற முதல் பூச்சி இதே வைரமுதுகுதான். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் இதைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது: 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா என்ற ஆய்வாளர் இந்தப் பாக்டீரியாவைக் கண்டதே செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுவில்தான்.

மூன்று நாள் பொறுத்தும் புதுப் புழுக்கை தெரிந்தால், இலையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். எத்தனை மணிக்கு அடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்கள்