பாய்ல மொதல்ல எந்தப் பக்கம் பாக்கணும்?

ஆசிரியருக்கு வணக்கம். ரோடு கிராஸ் பண்ண சொல்லிக்குடுக்கிற வெளையாட்டுப் பாய் ஒண்ணு என் அஞ்சு வயசு பொண்ணுக்கு வாங்கினேன், ஜீப்ரா கிராசிங் சிக்னல் எல்லாம் அழகா அச்சடிச்சிருந்துச்சு, ஆனா கார் எல்லாம் ரோட்டோட வலது பக்கமா போற மாதிரி இருக்கு. நம்ம ஊர்ல வண்டி இடது பக்கம்தானே போகுது, அதனால கால் எடுத்து வைக்கிறப்போ மொத வண்டி நமக்கு வலது பக்கத்துலேர்ந்துதான் வரும். இவ என்னடான்னா நாலே நாள்ல மொதல்ல இடது பக்கம் திரும்பிப் பாக்கப் பழகிட்டா, தெருவுல கையப் பிடிச்சிட்டுப் போறப்பதான் கவனிச்சேன், பயந்துட்டேன்.

இப்போ பாய் மேல டேப் ஒட்டி அம்புக்குறிய மாத்திட்டேன். வலது, இடது, மறுபடி வலதுன்னு பாத்துட்டு எறங்குறா, பாதி ரோடு தாண்டினதும் இடது பக்கம் பாக்குறா. பச்சை மனுஷன் மின்ன ஆரம்பிச்சா ஓடக்கூடாது, எறங்காதவங்க நிக்கணும், நடுவுல இருக்கிறவங்க முடிச்சிடணும்னும் வெளையாடுறோம். பச்சை எரியும்போதே ஃப்ரீ லெஃப்ட்ல பைக் திரும்பும், அதுக்காக நான் ஒரு பொம்மை பைக்க திடீர்னு விடுவேன், அவ நிக்கணும். பாய் தயாரிக்கிறவங்க தயவுசெஞ்சு நம்ம ரோட்டுக்கு ஏத்தமாதிரி அச்சடிங்க.

– ஒரு அம்மா, சென்னை