விரதம் வேறு, வெறும் வயிறு வேறு

வேலூர்ப் பக்கத்து மருத்துவமனைகளையும் லேப்களையும் நடத்துபவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரைப் பரிசோதனைக்கு வருபவர்களிடம் நீங்கள் கொடுக்கும் தமிழ்த் தாளைப் பற்றி எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குக் கிடைத்த தாளில் இருந்தது ஒரே வாக்கியம்: "வேறுவிதமாக அறிவுறுத்தப்படாத பட்சத்தில், மாதிரி சேகரிப்பிற்கு முன் நீர் தவிர்த்து குறைந்தபட்சம் 8 மணி நேர விரதம் மேற்கொள்ளப்பட்டு நீரிழிவு மருந்துகள் உட்கொள்ளப்படாதிருத்தல் வேண்டும்."

அம்மா அதில் பிடித்துக்கொண்டது 'விரதம்' என்ற ஒரு சொல்லைத்தான். இரத்தினகிரி முருகனுக்குக் கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவர். விரதம் என்றால் அவருக்குச் சோறு கிடையாது, பாலும் பழமும் உண்டு. அன்று காலை ஐந்து மணிக்கு அதையே செய்தார். தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை, 'நீர் தவிர்த்து' என்று போட்டிருந்ததே! ஏழரைக்கு ரத்தம் கொடுத்தார். முடிவு 148. வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று சந்தேகிப்பார்கள். வீடே பயந்துபோனது. ஒரு வாரம் கழித்து உண்மையாகவே வெறும் வயிற்றில் எடுத்தபோது 108.

தாளை எழுதியவர் சொல்ல நினைத்தது 'தண்ணீரைத் தவிர' வேறு எதுவும் கூடாது என்பது. 'தவிர' என்பது 'தவிர்த்து' ஆனதும் குடிக்கலாம் என்ற அனுமதி தடையாகப் படிக்கப்படுகிறது. மருந்து விஷயம் இன்னும் மோசம். 'அறிவுறுத்தப்படாத', 'உட்கொள்ளப்படாதிருத்தல்' என்று இரண்டு மறுப்புகள், ஒன்று தொடக்கத்தில், இன்னொன்று கடைசியில். காலை மாத்திரையைப் போடலாமா கூடாதா? இரண்டு முறை படித்தும் எனக்கே தெளியவில்லை.

ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக நீட்டிவிட்டு அதை அப்படியே தமிழாக்கச் சொன்னால் இப்படித்தான் வரும். தமிழில் வினை கடைசியில் வருவதால், நிபந்தனையெல்லாம் முன்னால் குவிந்துவிடுகிறது. அதனால் முதலில் ஆங்கிலத்தையே துண்டு துண்டாக வெட்டிக் கொடுங்கள். அப்புறம் தமிழ் இப்படி வரும்:

"ராத்திரி பத்து மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். அதன் பிறகு ரத்தம் கொடுக்கும் வரை எதுவும் சாப்பிடாதீர்கள். காபி, டீ, பால், பழம் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். காலையில் சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போடலாமா என்பதை டாக்டர் இங்கே எழுதுவார்: ______"

வாக்கியத்தைச் சின்னதாக்கினால் மட்டும் போதாது. 'வெறும் வயிற்றில் வாருங்கள்' என்பதும் சின்ன வாக்கியம்தான். ஆனால் காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அதனால்தான் காபி, பால் என்று பெயர் சொல்லியே எழுதச் சொல்கிறேன்.

அச்சுக்கு அனுப்பும் முன், குடியாத்தத்திலிருந்தோ அணைக்கட்டிலிருந்தோ வந்து வரிசையில் நிற்கும் ஒருவரிடம் தாளைப் படித்துக் காட்டுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்க வேண்டாம், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "நாளைக்குக் காலையில எழுந்ததும் என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பால் குடிப்பேன் என்று சொன்னால், தாளைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு மகள்