பரணில் இருந்த பெட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

"தப்பு செய்யாதவன் போலீஸிடம் பேச எதற்கு வக்கீல்? ஸ்டேஷனில் சொன்னது கோர்ட்டில் செல்லாதே" என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கிரிமினல் வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். அவர் சொன்னது பாதிதான் சரி.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது, உண்மை. ஆனால் காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்துவிட்டால், அது கிடைத்ததோடு நேராகச் சேர்ந்த வார்த்தைகள் மட்டும் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு இது. 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 23-வது பிரிவில் இருக்கிறது.

என் கட்சிக்காரர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். நண்பன் ஒருவன் அவர் வீட்டுப் பரணில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்துவிட்டுப் போனான். உள்ளே இருந்தவை திருட்டு செல்போன்கள். கைதானதும் பயத்தில் இவர், "பெட்டி எங்க வீட்டுப் பரண்ல இருக்கு, வந்தா காட்டறேன் சார். அவன்தான் வைக்கச் சொன்னான், உள்ள என்னன்னு எனக்குத் தெரியாது" என்றார். வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சிக் கையெழுத்துப் போட, பெட்டியைக் கைப்பற்றியதற்கான மகஜர் தயாரானது. கோர்ட்டில் வந்து நின்றது "பரண்ல இருக்கு, காட்டறேன்" மட்டும்தான். அவரைக் காப்பாற்றக்கூடிய அடுத்த வரிக்கு அங்கே இடமே இல்லை. திருடு போன கொஞ்ச நாளில் பொருள் ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் விளக்காவிட்டால், அவரே திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று கோர்ட் அனுமானிக்கலாம். முதலிலேயே என்னிடம் வந்திருந்தால் பெட்டியை ஒளிக்கச் சொல்லியிருக்க மாட்டேன். நண்பன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளோடு விளக்கத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு, அப்புறம் பெட்டியைப் பற்றிப் பேசியிருப்போம்.

சரி, வாயை மூடிக்கொண்டால் குற்றவாளி என்று ஆகிவிடுமா? ஆகாது. தன்னைச் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்கும் உரிமை போலீஸ் விசாரணையிலேயே உண்டு என்று நந்தினி சத்பதி வழக்கில் 1978-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்காகவே 'விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை' என்று சொல்லவும் முடியாது. ஆனால் மௌனம் எல்லாவற்றுக்கும் கேடயமும் இல்லை. பெயர், விலாசம் சொல்லத்தான் வேண்டும். நோட்டீஸ் வந்தால் ஆஜராக வேண்டும். கைரேகை தர மறுக்க இந்த உரிமை உதவாது. தனக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை விசாரணையின்போது கோர்ட்டிலும் விளக்காமல் இருந்தால், அது பாதகமாகவும் போகலாம்.

கைதானவர் விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கலாம். முழு நேரமும் வக்கீல் பக்கத்தில் உட்கார முடியாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அதனால்தான் "என் வக்கீலிடம் பேசிவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்பதைக் கேள்விகள் தொடங்கும் முன்பே மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறேன். பரணில் பெட்டி இருந்த என் கட்சிக்காரர் விடுதலையாக மூன்றரை வருடம் ஆனது.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், திண்டுக்கல்