விபீஷண சரணாகதியை ஒரு பக்கத்தில் எழுதுவது

அன்புள்ள சீனு,

உன் கடிதமும் உபன்யாசத்தின் ஒலிப்பதிவும் நீ எழுதிய சுருக்கமும் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்து நிம்மதியானேன். இங்கே பெண் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வீடு கலகலப்பாக இருக்கிறது. உன் பதிவை இரவில் எல்லோரும் படுத்த பிறகுதான் கேட்க முடிந்தது.

சுவாமி இரண்டு மணி நேரம் சொன்ன விபீஷண சரணாகதியைக் கோயில் மலரில் ஒரு பக்கத்துக்குள் கொண்டுவர வேண்டும், ஆனால் அவர் குரலில் இருந்த பக்தி குறையக் கூடாது என்று கேட்டிருக்கிறாய். உன் சுருக்கத்தில் கதை வரிசை சரியாக இருக்கிறது. கடைசி வரியில்தான் எனக்கு உடன்பாடில்லை. ‘தீய அண்ணனை விட்டு விலகிய நல்லவனை ராமர் ஏற்றுக்கொண்டார், நல்லவர்கள் கைவிடப்பட மாட்டார்கள்’ என்று முடித்திருக்கிறாய். சுவாமி சொன்னது அதுவல்ல.

ஒரு உபன்யாசத்தின் மையத்தைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது, பேசுபவர் எந்த சுலோகத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார் என்பதைத்தான். நடுவில் கஜேந்திரன் வந்தான், காகாசுரன் வந்தான், சுவாமி பயணத்தில் பார்த்த ஒரு சம்பவமும் வந்தது. ஒவ்வொன்றையும் முடித்த பிறகு அவர் ‘அபயம் ஸர்வபூதேப்யோ ததாம்யேதத் வ்ரதம் மம’ என்ற வரியிலேயே வந்து நின்றார். ஒரு முறை ‘நான் உனக்கே உரியவன்’ என்று வந்து கேட்பவனுக்கு, எல்லா உயிர்களிடமிருந்தும் அபயம் தருகிறேன், இது என் விரதம் என்று ராமபிரான் சொல்லும் வரி. மற்ற கதைகள் எல்லாம் இதற்குச் சாட்சிகளாக வந்தவை.

இந்த வரியை வைத்து உன் முடிவைச் சோதித்துப் பார். விபீஷணர் நல்லவர் என்பதால்தான் இடம் கிடைத்தது என்றால், பெருமாள் அடுத்த சுலோகத்தில் ‘வந்திருப்பவன் விபீஷணனாக இருக்கட்டும், ராவணனே ஆகட்டும், அவனுக்கு அபயம் தந்துவிட்டேன், அழைத்து வா’ என்று சொல்லியிருக்க முடியாது. ராவணனுக்கு என்ன தகுதி? அதற்கு முன்பே, நண்பன் என்று வந்தவனிடம் குற்றம் இருந்தாலும் விடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே உபன்யாசத்தின் மையம் வந்தவனுடைய குணம் அல்ல, ஏற்றுக்கொள்பவருடைய விரதம். அதே நேரம் ‘யார் எது செய்தாலும் மன்னிப்பு உண்டு’ என்று அகலமாகவும் எழுதிவிடாதே. வந்து கேட்க வேண்டும் என்பதைச் சுவாமி ஒரு இடத்திலும் விடவில்லை. மனைவி மக்களையும் விட்டுவிட்டு, கடலின் வடகரையில் ஆகாயத்திலேயே நின்று, ‘ராவணனின் தம்பி நான்’ என்று தம் குறையை முதலில் சொல்லி விண்ணப்பித்தவர் அல்லவா விபீஷணர்!

எதை விடுவது என்பதில் எனக்கு ஒரே அளவுகோல்தான். ராமபிரான் தாமே எடுத்துச் சொன்னது நிற்கலாம், உபன்யாசகர் விளக்கத்துக்காகக் கொண்டுவந்தது போகலாம். புறா கதை ராமபிரான் சுக்ரீவனுக்குச் சொன்னது. தன் பேடையைப் பிடித்த வேடன் அடைக்கலம் என்று வந்தபோது அவனுக்குத் தன் உடலையே உணவாகத் தந்த புறா அது. ஒரு பறவையே அப்படிச் செய்யும்போது நான் எப்படி விடுவேன் என்று கேட்கிறார். அதற்கு அரை வாக்கியமாவது வேண்டும். கஜேந்திரன், காகாசுரன் இருவரும் தனிக் கட்டுரைக்கு உரியவர்கள். இங்கே பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தெரியாதவருக்குப் புரியாது, தெரிந்தவருக்குத் தேவையில்லை.

சுக்ரீவனை மட்டும் சுருக்கிவிடாதே. நீ ‘சுக்ரீவன் எதிர்த்தான்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டாய். ஆபத்தில் அண்ணனை விட்டவன் வேறு யாரைத்தான் விடமாட்டான் என்று சுக்ரீவன் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வி இருந்தால்தான் பெருமாளின் பதிலுக்குக் கனம் வரும். அப்புறம், சுவாமி அந்த இடத்தை எப்படிச் சொன்னார் என்று மறுபடி கேள். பெருமாளுக்கு ஒரு தீங்கு வந்துவிடுமோ என்ற பரிவில் சுக்ரீவ மகாராஜர் தடுத்தார் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். உன் இரண்டு சொல்லில் அவன் ஏதோ வில்லன் போல ஆகிவிட்டான். பக்தி குறைந்ததாக உனக்கே தோன்றிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நீ அதைச் சரிக்கட்ட ‘தெய்வீகமான’, ‘அற்புதமான’, ‘உள்ளம் உருக்கும்’ என்று அடைமொழிகளைச் சேர்த்திருக்கிறாய். சுவாமி அப்படி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அவருடைய பக்தி வினைச்சொற்களில் இருக்கிறது. விபீஷணர் ‘விண்ணப்பித்தார்’, பெருமாள் ‘அருளிச்செய்தார்’, ‘திருவுள்ளம் பற்றினார்’. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு அடைமொழிகளை நீக்கிவிடு. ஆனால் ‘என்று சுவாமி சாதித்தார்’ என்பதை வாக்கியத்துக்கு வாக்கியம் போடாதே, தொடக்கத்தில் ஒரு தடவை போதும். வால்மீகி சொன்னதும் இந்தப் பகுதிக்காகவே ‘அபயப்ரதான ஸாரம்’ அருளிய வேதாந்த தேசிகன் விளக்கியதும் சுவாமியின் சொந்த உவமையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள். ஆசாரியர் வாக்கை உபன்யாசகர் வாக்காக அச்சிட்டால் முதலில் வருந்துபவர் அவராகத்தான் இருப்பார்.

நடுப்பகுதியை நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

‘ராவணனின் தம்பி நான், ராகவனைச் சரணமாக அடைந்தேன் என்று விபீஷணாழ்வான் ஆகாயத்தில் நின்று விண்ணப்பித்தார். பெருமாளுக்குத் தீங்கு நேருமோ என்ற பரிவினால், அண்ணனை விட்டவனை எப்படி நம்புவது என்று சுக்ரீவ மகாராஜர் தடுத்தார். நண்பன் என்று வந்தவனிடம் குற்றமே இருந்தாலும் விடமாட்டேன் என்று பெருமாள் அருளிச்செய்தார். பேடையைப் பிடித்த வேடனுக்கும் தன் உடலைத் தந்த புறாவை நினைவூட்டினார். ஒரு முறை உனக்கே உரியவன் என்று வந்து கேட்பவனுக்கு அபயம் தருவது தமக்கு விரதம் என்றார். வந்திருப்பவன் ராவணனே ஆனாலும் அழைத்து வா என்று, தடுத்த சுக்ரீவனையே பணித்தார்.’

கடைசி வாக்கியத்துக்குப் பிறகு விளக்கம் எதுவும் சேர்க்காதே. சுவாமியும் அங்கே விளக்கவில்லை, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கம்பனின் ‘நின்னொடும் எழுவர் ஆனேம்’ என்ற வரியைச் சொல்லி முடித்தார். இடம் இருந்தால் அந்த வரியைப் போடு. அபயம் கேட்டு வந்தவரைத் தம்பியாகவே ஆக்கிக்கொண்டார் என்பதால் அது மையத்தை விட்டு விலகவில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் சுவாமியிடம் வாசித்துக் காட்ட முடியுமா? முக்கியமாக அந்த ‘விரதம்’ என்ற வாக்கியத்தையும் தேசிகன் பெயர் வரும் இடத்தையும். அவர் ஏதாவது திருத்தினால் எனக்கும் எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

அன்புடன்,
வரதன்