குழந்தையின் படத்தைப் பொதுவில் போடும் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும், அத்தை, மாமா, சித்தி, பெரியப்பா எல்லோருக்கும்,

என் மகளுக்கு மூன்று வயது. அவள் படங்கள் வெளியாட்கள் கண்ணில் படக்கூடாது என்று என் ஃபேஸ்புக் கணக்கை ஆரம்பத்திலிருந்தே பூட்டித்தான் வைத்திருக்கிறேன். போன வாரம், நம் குடும்பத்தில் யாரோடும் நட்பில் இல்லாத ஒரு தோழியின் போனை வாங்கி, என் மகளைப் பற்றி என்ன தெரிகிறது என்று தேடிப் பார்த்தேன்.

என் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் உங்கள் பக்கங்களில் எல்லாம் இருந்தது. ஒருவருடைய கவர் படத்தில் மகள் வாசலில் நிற்கிறாள், பின்னால் கதவு எண் தெளிவாகத் தெரிகிறது. இன்னொருவர் அவளுடைய முழுப் பெயரைப் போட்டு, ‘இன்றோடு மூன்று வயது’ என்று வாழ்த்தியிருக்கிறார். பதிவின் தேதியைப் பார்த்தால் பிறந்த நாளும் வருடமும் கிடைத்துவிடும். மூன்றாவதில் பள்ளிக்குப் போகும் முதல் நாள், பையில் பள்ளியின் பெயர். நான்காவதில் நாம் வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். இத்தனையும் சேர்க்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவுமே தப்பில்லை, ஆசையாகப் போட்டவைதான். ஆனால் நான்கையும் சேர்த்து வைத்திருப்பவர் பள்ளி வாசலில் நின்று செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், மூன்று வயதுக் குழந்தைக்கு அவர் சொந்தக்காரர்தான். முழுப் பெயரும் பிறந்த தேதியும் அவள் பெரியவளான பிறகும் பின்தொடரும். பாஸ்வேர்டை மாற்றலாம், பிறந்த தேதியை மாற்ற முடியாது.

சரி, என்ன செய்யலாம்? ஃபேஸ்புக்கில் பதிவின் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும். உலக உருண்டை என்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இரண்டு ஆள் உருவம் என்றால் நண்பர்கள் மட்டும். பதிவின் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு அதை மாற்றிக்கொள்ளலாம். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக மாற்ற நேரமில்லை என்றால், அமைப்புகளில் Limit past posts என்பதைத் தேடுங்கள். பொதுவில் இருந்த பழைய பதிவுகள் எல்லாம் ஒரே அடியாக நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும்.

ஆனால் கவர் படம் இதில் அடங்காது. கணக்கை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும், இப்போது வைத்திருக்கும் கவர் படம் எல்லோருக்கும் தெரியும். இது பலருக்குத் தெரியாததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். புதுப் படம் வைத்த பிறகும் பழையது ஆல்பத்தில் இருக்கும், அங்கே போய் அழிக்க வேண்டும்.

அதேபோல, நண்பர்களுக்கு மட்டும் என்று போட்ட படத்தில் ஒருவரை டேக் செய்தால், அவருடைய நண்பர்களுக்கும் அது தெரியக்கூடும். குழந்தையின் படத்தில் யாரையும் டேக் செய்யாமல் விடுவதே நல்லது. இன்ஸ்டாகிராமில் Private account என்று மாற்றினாலும், ஏற்கெனவே பின்தொடர்கிறவர்கள் அப்படியே இருப்பார்கள். தெரியாதவர்களை நாம்தான் நீக்க வேண்டும்.

வாட்ஸ்அப் நம் வீட்டுக்குள் இருப்பது போலத் தோன்றும். ஆனால் என்றோ ஒருநாள் குழாய் சரிசெய்ய வந்தவரின் எண் உங்கள் போனில் இருந்து, உங்கள் எண்ணும் அவரிடம் இருந்தால், நீங்கள் ஸ்டேட்டஸில் வைப்பதை அவரும் பார்ப்பார். ஸ்டேட்டஸ் பிரைவசியில் Only share with என்பதில் பத்துப் பேரை மட்டும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அப்புறம், படம் தெளிவாக இருக்கட்டும் என்று டாகுமென்டாக அனுப்பினால், எடுத்த இடத்தின் விவரமும் படத்தோடு போகலாம். கேமரா அமைப்பில் லொகேஷனை அணைத்துவிட்டால், அதன்பிறகு எடுக்கும் படங்களில் அந்தக் கவலை இல்லை.

இவ்வளவு செய்தாலும் பார்க்கிறவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் தடுக்க முடியாது. அழித்த படமும் அதற்குள் யார் போனிலாவது சேர்ந்திருக்கலாம். அதனால் குளிக்கும் படம், உடுப்பில்லாத படம், அழுது அடம்பிடிக்கும் படம் இவற்றை எந்த அமைப்பை நம்பியும் போட வேண்டாம். மற்ற படங்களுக்கும் முதலில் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களிடமிருந்து அவளை ஒளித்து வைக்க எனக்கு எண்ணமில்லை. புதுப் படங்களை நானே குடும்பக் குழுவில் அனுப்புகிறேன்.

நான் பார்த்த நான்கில் மூன்று இன்னும் அப்படியே இருக்கின்றன. கதவு எண் தெரியும் அந்தக் கவர் படத்தை இன்றைக்கே எடுத்துவிட முடியுமா? எப்படி என்று தெரியாவிட்டால் போன் பண்ணுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து கூடவே உட்கார்ந்து செய்து தருகிறேன்.

அன்புடன்,
ஒரு மூன்று வயதுக்காரியின் அம்மா