நிலாவெளி, உப்புவெளி விடுதி உரிமையாளர்களுக்கு: வாங்கிய முற்பணம் எப்போது உங்கள் வருமானம்?

அன்புள்ள விடுதி உரிமையாளர்களுக்கு,

திருகோணமலையில் விடுதி நடத்துகிறவர்களின் கணக்குகளைப் பார்ப்பது என் தொழில். மார்ச் மாதக் கணக்கு கைக்கு வரும்போதெல்லாம் ஒரே பிழையைத்தான் பார்க்கிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லி முடியவில்லை. அதனால் எல்லாருக்குமாக இந்த மடல்.

நம் பக்கத்துச் சீசன் மாரி ஓய்ந்து கடல் அடங்கிய பிறகுதான் சூடுபிடிக்கிறது. ஏப்ரல் புதுவருடம், வெசாக், ஓகஸ்ட் விடுமுறை என்று செப்டெம்பர் வரை போகும். ஆனால் பெரும்பாலானோரின் கணக்கு வருடம் மார்ச் 31உடன் முடிகிறது. அதாவது, பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வங்கியில் காசு வந்து விழுகிறது, அந்தக் காசுக்குரிய ஆள் இன்னும் ஓர் இரவு கூட நம்மிடம் தங்கவில்லை. அந்தக் காசை அப்படியே மார்ச் மாத வருமானமாக எழுதிவிடுகிறோம். வருடம் முடிகிற நாளும் சீசன் தொடங்குகிற நாளும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால், மற்ற ஊர்களில் சிறிதாகத் தெரியும் இந்தப் பிழை இங்கே முழு வருட இலாபத்தையே மாற்றிவிடுகிறது.

ஒரு முன்பதிவை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு அறை கேட்கிறது. ஏப்ரல் 11, 12, 13 ஆகிய மூன்று இரவுகள். ஓர் அறைக்கு இரவொன்றுக்கு 20,000 ரூபா, மொத்தம் 1,20,000. பாதியை, அதாவது 60,000 ரூபாவை, பெப்ரவரி 20 அன்று வங்கியில் போட்டுவிட்டு, பணம் போட்ட சீட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அன்று நம் கணக்கில் நடப்பது இரண்டு: வங்கி 60,000 கூடுகிறது, ‘விருந்தினர் முற்பணம்’ என்ற பொறுப்பும் 60,000 கூடுகிறது. வருமானம் ஒரு சதம் கூட இல்லை. மார்ச் 31 அன்றும் அது பொறுப்புதான், ஏனென்றால் அந்தக் குடும்பத்துக்கு நாம் ஆறு அறை-இரவுகள் கடமைப்பட்டிருக்கிறோம். ஏப்ரல் 11 இரவு அவர்கள் தங்கியதும் 40,000 வருமானமாகிறது, அடுத்த இரவு இன்னொரு 40,000, மூன்றாம் இரவு கடைசி 40,000. போகும்போது மீதி 60,000ஐக் கட்டுகிறார்கள், முற்பணக் கணக்கு பூச்சியமாகிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 15 சொல்வதும் இதைத்தான்: காசு வந்த நாள் வேறு, சேவை கொடுத்த நாள் வேறு. வருமானம் சேவை கொடுத்த நாளுக்கு உரியது.

சரி, அந்தக் குடும்பம் வராமல் விட்டால்? இங்கேதான் அதிகம் சறுக்குகிறது.

உங்கள் நிபந்தனை இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: இரண்டு வாரத்துக்கு முன் ரத்து செய்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும், அதன் பிறகு பாதி, கடைசி மூன்று நாளில் ஒன்றுமில்லை. அவர்கள் ஏப்ரல் 3 அன்று ரத்து செய்கிறார்கள். அன்றே 30,000 திருப்பி அனுப்பவேண்டியதாகிறது, மற்ற 30,000 நமக்கு உரியதாகிறது. அவர்களுக்கு இனி நாம் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை என்பதால், அந்த 30,000 ஏப்ரல் 3 அன்றே வருமானம். பதினோராம் திகதி வரை காத்திருக்கவும் தேவையில்லை, பெப்ரவரிக்குப் பின்தள்ளவும் கூடாது. அதை அறை வாடகையோடு கலக்காமல் ‘ரத்துக் கட்டணம்’ என்று தனியாக எழுதுங்கள். கலந்துவிட்டால், ஆள் தங்காத இரவுக்கும் வாடகை வந்ததுபோல் ஆகி, அறைக்கான சராசரி விலை பொய்யாக உயர்ந்து நிற்கும். அடுத்த வருட விலையை அதை வைத்துத்தானே தீர்மானிக்கிறீர்கள். அதே அறைகளை வேறு யாருக்கும் கொடுத்தால் அந்த வாடகையும் வருமானம்தான். முந்தியவரின் ரத்துக் கட்டணத்தை அதோடு கழிக்கத் தேவையில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விட்டவர்களிடம் கொஞ்சம் கவனம் வேண்டும். முதல் இரவு வராவிட்டால் அடுத்த நாள் அறையை வேறு ஆளுக்குக் கொடுப்போம், முற்பணம் திரும்பாது என்று நிபந்தனை சொன்னால், அறையை விடுவித்ததும் முழு முற்பணமும் உங்களுடையது. ஆனால் மூன்று இரவும் அவர்களுக்காகவே அறையைப் பூட்டி வைத்திருந்தால் இரவு இரவாகத்தான் எடுக்கவேண்டும், ஏனென்றால் இரண்டாம் நாள் அவர்கள் வந்து நின்றால் நீங்கள் திறப்பைக் கொடுக்கவேண்டும்.

இனி நம் ஊர்ப் பழக்கம் ஒன்று. விருந்தினர் தொலைபேசியில், “பிள்ளைக்குச் சுகமில்லை, வேற திகதிக்கு மாத்தித் தாங்கோ” என்கிறார். நாங்களும் “பிரச்சினையில்லை, ஓகஸ்டில வாங்கோ” என்கிறோம். அது நல்ல மனசு, அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வார்த்தையோடு முற்பணம் பறிபோகவில்லை, பொறுப்பாகவே தொடர்கிறது. பலர் அதை ஏப்ரலில் ரத்துக் கட்டணமாக எழுதிவிட்டு, ஓகஸ்டில் அவர் வந்ததும் முழு வாடகையையும் மறுபடி வருமானமாக எழுதுகிறார்கள். 60,000 ரூபா இரண்டு தரம் வருமானமாகிறது, பணம் வந்தது ஒரு தரம்தான்.

2020ஐ மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் 20 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்தது, கணக்கு வருடம் முடிய பதினொரு நாள் இருந்தது. சீசனுக்கு வாங்கிய முற்பணத்தை வருமானமாக எழுதிய விடுதிக்குப் புத்தகத்தில் இலாபம் இருந்தது, உண்மையில் அந்தத் தொகை முழுவதும் விருந்தினருக்குத் திருப்பவோ பிறகு தங்கவைக்கவோ வேண்டிய கடன். அப்படித் திகதியைத் தள்ளிக் கொடுத்தவர்கள் கடைசி நாள் ஒன்று குறித்திருந்தால், அந்த நாள் தாண்டியதும் மீதியை வருமானமாக எடுக்கலாம். நாள் குறிக்காமல் “எப்பவாவது வாங்கோ” என்றிருந்தால், ‘வருடம் முடிகிறது, எடுத்துவிடுவோம்’ என்று எடுக்க முடியாது. அவர் இனி வரமாட்டார் என்பதற்கு நியாயமான அடிப்படை வேண்டும்.

உங்கள் கணக்கு சரியா என்று நீங்களே பார்க்க வழி இருக்கிறது. மேசையில் கிடக்கும் முன்பதிவுக் கொப்பியை எடுத்து, மார்ச் 31 அன்று இன்னும் வராத ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே உள்ள முற்பணத்தைக் கூட்டுங்கள். பேரேட்டில் இருக்கும் விருந்தினர் முற்பண மீதி அதே தொகையாக இருக்கவேண்டும். பேரேட்டில் குறைந்தால் ஆள் வரமுன்னரே வருமானமாக எடுத்திருக்கிறீர்கள். கூடினால், வந்து போனவரின் அல்லது ரத்தானவரின் பணத்தை இன்னும் இறக்கவில்லை. மார்ச்சில் தங்கிய அறை-இரவுகளை விலையால் பெருக்கியும் பாருங்கள். எட்டு அறை அரைவாசி காலியாகக் கிடந்த மாதத்துக்கு நிறைந்த மாதத்தின் வருமானம் வந்திருந்தால், காரணம் முற்பணம்தான்.

வற் வரிக்குப் பதிவு செய்தவர்களுக்கு ஒன்று: அந்த வரி எப்போது எழுகிறது என்பதற்குத் தனி விதி இருக்கிறது, அதை இந்த வருமானப் பதிவோடு குழப்பவேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். சங்கமாகக் கூடும்போது, முற்பணப் பற்றுச்சீட்டில் எல்லாரும் மூன்று விடயத்தை எழுத்தில் போட உடன்படுங்கள்: எந்த நாள் வரை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், வராமல் விட்டால் அறை எப்போது விடுவிக்கப்படும், திகதி மாற்றினால் எந்த நாளுக்குள் வந்து தங்கவேண்டும். இவை எழுத்தில் இல்லாவிட்டால், பணம் எந்த நாளில் உங்களுடையதானது என்று உங்கள் கணக்காளராலும் சொல்ல முடியாது, திருப்பிக் கேட்கும் விருந்தினருக்கு உங்களாலும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க் கணக்காளர் ஒருவர்
திருகோணமலை