பேரனின் தடுப்பூசி அட்டை

கோத்தகிரி

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. மகளும் மாப்பிள்ளையும் ஜூலையில் கலிபோர்னியா போகிறார்கள், ஆகஸ்டில் பேரனை அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். கொடைக்கானல் கதைகளையும் உன் முட்டிவலியையும் பிறகு பேசலாம். பேரனின் தடுப்பூசி அட்டை விஷயத்தில் நாள் குறைவாக இருப்பதால் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீயும் நானும் எத்தனையோ குழந்தைகளுக்கு எழுதிய அதே அட்டைதான். நம் அட்டவணைப்படி எல்லாம் நிரம்பியிருந்தாலும் அவர்கள் கணக்கில் அது நிரம்பியதாகாது. போன வருஷம் என் பேத்தியை அங்கே பள்ளியில் சேர்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன், உனக்குப் புரிந்துவிடும். அவள் 2019 மார்ச்சில் பிறந்தவள். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்கும் பென்டா ஊசி மூன்று, டி.பி.டி. பூஸ்டர் இரண்டு, ஆக ஐந்து தவணையும் இருந்தன. அதில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

தட்டம்மையில்தான் முதல் சிக்கல். தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் நாம் ஒன்பது மாதத்தில் போடும் எம்.ஆர். ஊசியை அங்கே எண்ணுவதில்லை. முதல் பிறந்த நாளுக்குப் பிறகு போட்டதுதான் செல்லும். எனவே பதினாறாம் மாத ஊசி ஒன்று மட்டுமே மிஞ்சியது. அதோடு எம்.ஆரில் பொன்னுக்குவீங்கிக்கு மருந்து கிடையாது, அவர்கள் அதையும் கேட்கிறார்கள். கிளம்பும் முன் குன்னூரில் தனியார் குழந்தை மருத்துவரிடம் மூன்றுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசி ஒன்று போட்டோம். தட்டம்மைக்கு இரண்டு என்று கணக்கு நேரானது, பொன்னுக்குவீங்கிக்கும் அங்கே இரண்டு வேண்டும் என்பதால் அதில் இன்னும் ஒன்று பாக்கி நின்றது.

சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையிலேயே இல்லை. அங்கே இரண்டு தவணை வேண்டும், இந்த வயதில் இடைவெளி மூன்று மாதம். எம்.எம்.ஆர். போட்ட அன்றே முதல் தவணையையும் போட்டுவிட்டோம். இரண்டும் உயிருள்ள கிருமி மருந்து என்பதால் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் இருபத்தெட்டு நாள் விட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஒன்றை இன்றைக்கும் மற்றொன்றை அடுத்த வாரத்துக்கும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதே, பின்னால் போட்டது வீணாகும்.

போலியோவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2016 ஏப்ரல் 1 முதல் கொடுத்த சொட்டு மருந்தை அமெரிக்கக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அந்த மாதத்தில்தான் உலகெங்கும் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகைக் கிருமியை எடுத்தார்கள். உன் பேரனுக்கு முகாமில் ஊற்றியதும் சேர்த்து வரிசையாக எழுதியிருக்கும், அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதே. தோலுக்குள் போட்ட 0.1 மில்லி ஊசியையும் நம்பி இருக்க வேண்டாம். முழு அளவு போலியோ ஊசியான ஐ.பி.வி. ஒன்று இங்கேயே போட்டுவிடு. அவர்கள் கேட்கும் ஒவ்வொரு தடுப்பூசியிலும் ஒரு தவணையாவது இருந்து, அடுத்த தவணைக்கு இன்னும் நாள் வராமல் இருந்தால், கலிபோர்னியாவில் நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வார்கள். மீதிக்குத் தேதி குறித்துக் கொடுப்பார்கள். அந்தத் தேதி தவறினால் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அட்டையில் தேதி எழுதும் முறையும் முக்கியம். சின்னம்மை ஊசியை ஜூன் பத்தாம் தேதி போட்டு 10/06/2025 என்று எழுதியிருந்தார்கள். அங்கே மாதத்தை முதலில் படிப்பதால், ஆகஸ்டில் பார்த்த பள்ளி அலுவலர் இன்னும் வராத அக்டோபர் ஆறாம் தேதி என்று எடுத்துக்கொண்டார். மருத்துவரிடமிருந்து மறுபடி கடிதம் வாங்க வேண்டியதாயிற்று. எல்லாத் தேதியிலும் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல். பெயரையும் பார். அட்டையில் 'பேபி ஆஃப்' என்று தாய் பெயர் மட்டும் இருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பையன் பெயரைப் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கு. பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடு.

இனி முகவரிச் சான்று. எந்தப் பள்ளி என்பதை வீடு இருக்கும் இடம்தான் தீர்மானிக்கும், ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த முகவரி எந்தப் பள்ளியின் எல்லையில் வருகிறது என்று மாப்பிள்ளை விசாரிக்கட்டும். ஒப்பந்தம், கரண்ட் பில், சம்பளச் சீட்டு எல்லாம் செல்லும். என் மகள் முதலில் மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் வீட்டில் தங்கியிருந்ததால் அவள் பெயரில் ஒரு பில்கூட இல்லை. அந்த வீட்டுக்காரரின் கரண்ட் பில்லோடு, இவர்கள் இங்கேதான் குடியிருக்கிறார்கள் என்று அவர் கையெழுத்திட்ட கடிதத்தையும், பெற்றோரே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியையும் வைத்தார்கள். அந்த மாநிலக் கல்விச் சட்டம் பெற்றோரின் உறுதிமொழியையும் சான்றாக ஏற்கிறது.

பேரன் அட்டையின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பு. எது தேறும், எது தேறாது என்று குறித்துத் தருகிறேன். இந்த வாரமே அனுப்பினால்தான் சின்னம்மை ஊசிக்கு மருத்துவரிடம் நாள் வாங்க முடியும்.

அன்புடன்,
உன் தோழி